கல்யாண சேவைக்குப் பெயர்: உறை மேல் என்ன எழுதுவீர்கள்?

ஹட்டன்: "ஸ்ரீ மங்கள உடனடி வரன் மையம்" என்று வைக்கப் போகிறேன். சரியா?

ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம். "உடனடி" என்றதும், கல்யாணம் தள்ளிப்போன பிள்ளைகளுக்கான இடம் என்று தாய்மார் நினைப்பார்கள். "வரன்" என்றால் மாப்பிள்ளை தேடுவது போல ஒலிக்கும், மாப்பிள்ளை வீட்டார் தயங்குவார்கள். "ஸ்ரீ மங்கள" கோவில்காரருக்குச் சரி. வேதக்காரக் குடும்பம் தங்களுக்கில்லை என்று போய்விடும். "மையம்" என்ற சொல் கூட்டம் நிற்கிற கவுண்டரை நினைவூட்டுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் தபால். பல தோட்டங்களில் கடிதம் முதலில் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்துதான் லயத்துக்கு வரும். உறையில் "வரன் மையம்" என்றிருந்தால், பிள்ளைக்குத் தெரியும் முன்பே மலையில் கொழுந்து பறிக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். வங்கியில் பணம் கட்டினால் ரசீதிலும் கணக்கின் பெயர்தான் வரும். ஆகவே தனியாகப் பார்த்தால் கல்யாணம் என்று சொல்லாத ஒரு சொல்லைப் பதிவுப் பெயராக வையுங்கள். விளக்கம் போர்டில் மட்டும் இருக்கட்டும். உதாரணமாகப் பதிவிலும் உறையிலும் "சம்மதம்". போர்டில் "சம்மதம் – திருமண அறிமுகம்". இரு வீட்டாரும் சரி என்றால்தான் என்ற பொருளும் அதில் இருக்கிறது.

குறுஞ்செய்தி அனுப்புநர் பெயருக்கு ஆங்கில எழுத்து 11 வரைதான் இடம். `Sammatham` ஒன்பது எழுத்து, அடங்கும். உங்கள் பழைய பெயர் அடங்காது.

பதுளை: பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் அது நமக்கே சொந்தம்தானே?

பதிய வேண்டும் என்பது சரி. சொந்தம் என்பது தவறு. அந்தப் பதிவு மாகாண மட்டத்தில் நடக்கிறது, இன்னொரு மாகாணத்தில் அதே பெயரை வேறொருவர் பதியலாம். பெயரைக் காக்க வேண்டுமானால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வர்த்தகக் குறியாகப் பதியுங்கள். திருமணச் சேவை 45ஆம் வகுப்பில் வரும். பதிவு பத்து ஆண்டு நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம். போர்டு அடிக்கும் முன் அதே பெயர் வேறெவரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

தலவாக்கலை: "முற்றம்" எப்படி? வீட்டுப் பாசம் தெரியுமே.

ஊரில் தனி வீட்டு முற்றம் சரி. லயத்தில் இஸ்தோப்புக்கு முன்னால் இருக்கிற முற்றம் பத்து வீட்டுக்கும் பொது, எல்லாப் பேச்சும் அங்கேதான். உங்கள் வாடிக்கையாளர் அஞ்சுகிற இடத்தையே பெயராக்காதீர்கள்.

கொட்டகலை: "ரகசியம் காக்கும் திருமண சேவை"?

வேண்டாம். ஒளிக்க வேண்டிய விஷயம் ஏதோ இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தோன்றும். உறையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ரகசியம் தானே காக்கப்படும்.

பண்டாரவளை, தமிழ் ஆசிரியர்: மலையகமாயிற்றே, "குறிஞ்சி" என்று வைக்க எத்தனையோ பேர் முனைகிறார்கள். குறிஞ்சித் திணைக்கு உரிப்பொருள் புணர்தல், பின்னணி களவு. பெற்றோர் பார்த்து முடிக்கிற கல்யாணத்துக்கு இது பொருந்துமா?

நல்ல கேள்வி. இலக்கணப்படி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மற்றத் திணைகளும் உதவாது: முல்லை காத்திருத்தல், மருதம் ஊடல். ஆனால் லயத்துத் தாய்க்குக் குறிஞ்சி என்றால் மலை, பூ, நம் ஊர். அந்தப் பொருளில் மதமும் சாதியும் இல்லை, அதனால் எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். என் தயக்கம் வேறு: அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பூ என்று எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்குக் காத்திருக்கிற வீட்டில் அது நல்ல வாக்கா?

அதே ஆசிரியர்: காத்திருந்து பூத்தால் அருமை என்றும் எடுக்கலாமே. களவு கற்பில்தானே முடிகிறது?

எடுக்கலாம். வாடிக்கையாளர் எப்படி எடுப்பார் என்பதைப் பரீட்சித்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்து வீடுகளில் தொலைபேசியில் பெயரை ஒருமுறை சொல்லுங்கள். மறுநாள் அழைத்து, "பெயர் என்ன, யாருக்கான இடம்?" என்று மட்டும் கேளுங்கள். "வயசு போன பிள்ளைகளுக்கு" என்று இரண்டு பேர் சொன்னால் பெயரைக் கைவிடுங்கள். பெயரைத் தப்பாகச் சொன்னால் ஒலி கடினம்.

நானுஓயா: எண் கணிதப்படி கூட்டுத்தொகை ஆறு வர வேண்டுமாமே?

அது என் துறை இல்லை.

மஸ்கெலியா: பெயர் எண் ஐந்தா ஆறா?

மேலே பாருங்கள். எழுத்தைக் கூட்டிக் குறைத்து `Sammaththam` என்று மாற்றாதீர்கள், தேடுபவருக்குக் கிடைக்காது.

வெலிமடை: என் மகளுக்கு 27 வயது, அரசாங்க வேலை. நல்ல இடம் இருந்தால் சொல்லுங்களேன்.

அம்மா, இங்கே பெயர் பற்றித்தான் பேசுகிறோம். மகளின் விபரத்தை இப்படிப் பொதுவில் எழுதாதீர்கள். எந்தச் சேவையிடம் கொடுத்தாலும், உறையின் மேல் என்ன எழுதி அனுப்புவார்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஹட்டன்: "சம்மதம்" என்றால் சம்மதிக்கச் சொல்லி வற்புறுத்துவது போலில்லையா? என் மனைவி கேட்கிறார்.

அப்படிக் கேட்கவும் இடமுண்டு. நான் அதை நினைக்கவில்லை. அந்த ஐந்து வீட்டுப் பட்டியலில் அவரைப் போல எண்ணுகிறவர்கள் இருவரையாவது சேருங்கள், பிறகு போர்டு அடியுங்கள்.