தலைவர் உரையில் என்ன பேசுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். இந்த ஆண்டு என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். தலைமை உரையில் கடந்த ஆண்டைப் பற்றிச் சொல்லி, வரும் ஆண்டுக்கான இலக்குகளையும் அறிவிக்க வேண்டும். முன்பு பேசியவர்களின் உரைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன: நடந்த நிகழ்ச்சிகளின் பட்டியல், நன்றி, "ஒன்றுபட்டு உழைப்போம்". யாரும் கேட்பதில்லை, எனக்குமே கேட்கத் தோன்றாது. ஒரு சங்கத் தலைவரின் உரையால் உண்மையில் ஏதாவது நடந்திருக்கிறதா? இருந்தால் அதைப் பற்றி எழுதுங்கள்.

ஒரு வேதியியல் ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

நடந்திருக்கிறது. உங்கள் பாடத்துக்காரர் ஒருவரே பேசியதுதான்.

பிரிட்டனில் அறிவியல் வளர்ச்சிக்கான சங்கம் ஒன்று 1831 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு ஓர் ஊரில் கூடுவார்கள். தலைவர் பதவியும் ஓராண்டுக்குத்தான். கூட்டத்தின் தொடக்கத்தில் புதுத் தலைவர் உரையாற்றுவார். 1898 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரில் கூடியபோது தலைவர் வில்லியம் குரூக்ஸ். தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தவர். வெற்றிடக் குழாய் பற்றிப் பாடம் நடத்தும்போது அவர் பெயரை நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

அறிவியலில் அந்த ஆண்டு சாதாரணமானது அல்ல. டுவார் ஹைட்ரஜனைத் திரவமாக்கியிருந்தார். ராம்சே காற்றிலிருந்து புதுப்புது வாயுக்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெக்கரல் கண்ட கதிர்களை கியூரி தம்பதியர் துருவிக்கொண்டிருந்தார்கள். ஆண்டறிக்கை வாசிக்க இதைவிட நல்ல ஆண்டு கிடைக்காது. ஆனால் குரூக்ஸ் அதில் தொடங்கவில்லை. ஊரைப் பற்றி மரியாதைக்குச் சில வார்த்தை சொல்லிவிட்டு நேராகக் கோதுமைக்குப் போனார். இங்கிலாந்தும் நாகரிக நாடுகள் எல்லாமும் போதிய உணவில்லாமல் போகும் பெரும் ஆபத்தில் இருக்கின்றன என்றார். வேதியியல்காரர் ஒருவர் அறிவியல் கூட்டத்தில் போய் விவசாயம் பேசுகிறாரே என்று சிலராவது நினைத்திருப்பார்கள்.

அவர் போட்ட கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ரொட்டி தின்னும் மக்கள் தொகை 1871-இல் சுமார் 37 கோடி, இப்போது சுமார் 52 கோடி. இப்படியே ஏறினால் இன்னும் முப்பது ஆண்டுகளில், 1931 வாக்கில், கோதுமை விளையத்தக்க நிலமெல்லாம் தீர்ந்துபோகும். புது நிலம் இல்லையென்றால் இருக்கிற நிலத்தில் கூடுதலாக விளைவிக்க வேண்டும். எவ்வளவு? உலகில் அப்போது கோதுமை பயிரிட்ட நிலம் 16 கோடியே 30 லட்சம் ஏக்கர், சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 12.7 புஷல். ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ. இதை 20 புஷலாக உயர்த்தினால் போதும் என்றார். ஏக்கருக்கு 7.3 புஷல் கூடுதல்.

அது முடியுமா என்பதற்கு ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையிலிருந்து ஒரு சான்றை எடுத்தார். அங்கே ஒரே வயலில் 13 ஆண்டுகள் உரமில்லாமல் கோதுமை போட்டபோது சராசரி 11.9 புஷல். அடுத்த 13 ஆண்டுகள் ஏக்கருக்கு 560 பவுண்டு சோடியம் நைட்ரேட் இட்டபோது 36.4 புஷல். கூடுதல் 24.5 புஷல். 560-ஐ 24.5-ஆல் வகுத்தால், ஒரு புஷலைக் கூட்ட 22.86 பவுண்டு நைட்ரேட் வேண்டும். 7.3 புஷலுக்கு 167 பவுண்டு. அதை 16.3 கோடி ஏக்கரால் பெருக்கினால் ஆண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் டன்! அன்றைக்கு நைட்ரேட் வந்த பெரிய ஊற்று சிலி நாட்டுப் பாலைவனம் மட்டும்தான். அங்கிருந்து வந்துகொண்டிருந்ததோ இதில் பத்தில் ஒரு பங்கு அளவு. தோண்டிக்கொண்டே போனால் அதுவும் ஒருநாள் காலியாகிவிடும்.

இந்த இடத்தில் நம் தலைவர்களில் பலர் "எனவே அரசு உடனடியாக..." என்று தொடங்கிவிடுவார்கள். குரூக்ஸ் வேறு பக்கம் திரும்பினார். நைட்ரஜன் நம் தலைக்கு மேலே காற்றில் வேண்டிய மட்டும் இருக்கிறது, அதைப் பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றத்தான் தெரியவில்லை. ஆகவே காப்பாற்ற வேண்டியவர் வேதியியல்காரர் என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கையிலேயே பிரச்சினையைக் கொடுத்துவிட்டார். அதையும் வெறும் ஆசையாகக் கொடுக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ராயல் சொசைட்டியில், மின்வில்லில் காற்றின் நைட்ரஜனை எரித்து அவரே ஒரு சோதனையைக் காட்டியிருந்தார். அந்த முறையில் நைட்ரேட் தயாரிக்க என்ன செலவாகும் என்பதையும் கணக்கிட்டிருந்தார். நீராவியில் எடுத்த மின்சாரம் என்றால் டன்னுக்கு 26 பவுண்டு. நயாகரா அருவியின் மலிவு மின்சாரம் என்றால் 5 பவுண்டு. சிலி நைட்ரேட்டின் விலை ஏழரைப் பவுண்டு. ஆகவே கட்டுபடியாகும்.

ஓர் உரையில் இலக்கு என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான். எவ்வளவு வேண்டும், எதற்குள் வேண்டும், என்ன செலவாகும், யார் செய்ய வேண்டும் என்ற நான்குக்கும் அதில் விடை இருந்தது. தப்பு என்று நினைப்பவர் எந்த எண் தப்பு என்று காட்டிவிடலாம். காட்டவும் செய்தார்கள். ராதம்ஸ்டெட் பண்ணையைத் தொடங்கிய லாஸும் அவருடைய கூட்டாளி கில்பர்ட்டும், தங்கள் பண்ணையின் எண்களை வைத்துப் போட்ட கணக்கு என்றும் பாராமல், இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்று எழுதினார்கள். "ஒன்றுபட்டு உழைப்போம்" என்பதை மறுத்து யாரும் எழுத முடியாது, கவனித்தீர்களா?

சரி, அவர் சொன்னது நடந்ததா? பாதி நடக்கவில்லை. கனடாவிலும் அர்ஜென்டினாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அவர் நினைத்ததைவிட அதிக நிலம் உழவுக்கு வந்தது. அவர் பஞ்சம் வரும் என்ற 1931-இல் கோதுமை குவிந்துகிடந்தது. விலை படுத்துவிட்டதே என்றுதான் விவசாயிகள் அழுதார்கள். மின்வில் முறையும் அவர் கருதியபடி நிலைக்கவில்லை. நார்வேயில் அருவி மின்சாரம் மலிவாகக் கிடைத்ததால் 1905-இல் அங்கே ஓர் ஆலை தொடங்கினார்கள். ஆனால் அந்த முறை தின்ற மின்சாரத்துக்கு மற்ற நாடுகளில் கட்டுபடியாகவில்லை. ஜெர்மனியில் ஹேபர் 1909-இல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் சேர்த்து அம்மோனியா எடுத்துக் காட்டினார். போஷ் அதை ஆலையாக்க, 1913-இல் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. இன்று நம் வயலுக்கு வரும் யூரியாவின் அம்மோனியா அந்த வழியில் வந்ததுதான். ஹேபர் இந்த உரையைக் கேட்டுத்தான் கிளம்பினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காற்றிலிருந்து உரம் எடுத்த கதையை எழுதுகிறவர்கள் பிரிஸ்டலில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. வழியைத் தப்பாகக் கணித்தவர் கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டார்.

இந்த உரையில் எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நைட்ரஜன் வசப்படாவிட்டால் வெள்ளை இனம் உலகில் முதலிடத்தை இழந்து, கோதுமை ரொட்டியை நம்பியிராத இனங்களால் நெருக்கித் தள்ளப்படும் என்றும் பேசினார். அந்த நெருக்கித் தள்ளுகிறவர்கள் பட்டியலில் சோறு தின்னும் நாமும் இருக்கிறோம். அவர் கணக்கில் பசி என்றால் ரொட்டி தின்பவர் பசி மட்டும்தான். உங்கள் கணக்கில் யார் விடுபடுகிறார்கள் என்பதை உரையை முடித்ததும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக் கண்ணோட்டம் எங்கே போனது என்று கேட்பீர்கள். கோதுமைக்கு அப்புறம் வந்தது. அதுவும் எல்லாத் துறையையும் தொட்டுக்கொண்டு போகவில்லை. தனக்குத் தெரிந்தவற்றை மட்டும் எடுத்துப் பேசினார். தன் ஆய்வகத்தில் கிடைத்த புதுத் தனிமம் என்று 'மோனியம்' ஒன்றையும் அறிவித்தார். அது தனிமமே அல்ல, கலவை என்று பின்னால் தெரிந்தது. கடைசியாக, ஆவிகளைப் பற்றி முன்பு தான் செய்த ஆராய்ச்சிக்கு வந்து, திரும்பப் பெற என்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லி வைத்தார். தலைவர் மேடை கிடைத்தால் சொந்தக் கணக்கையும் தீர்த்துக்கொள்வது அங்கேயும் உண்டு.

இப்போது உங்கள் கூட்டத்துக்கு வருவோம். நிகழ்ச்சிப் பட்டியலைச் செயலாளர் ஆண்டறிக்கையில் வாசிப்பார், வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதையே நீங்களும் வாசித்தால் மூன்றாவது முறையாகக் கேட்கிறவர்கள் டீக்கு எழுந்து போவார்கள். கடந்த ஆண்டிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். என்னைக் கேட்டால் செய்முறைத் தேர்வை எடுப்பேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பருமனறி பகுப்பாய்வு போன்ற சோதனைகளைத் தன் கையால் செய்ய வேண்டும். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகளில் செய்கிறார்கள், எத்தனை பள்ளிகளில் ஆசிரியர் செய்து காட்ட மாணவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள் என்பது உங்கள் உறுப்பினர்களுக்குத் தெரியும். யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பினரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு குழுவில் எத்தனை மாணவர்? உடையாத, குழாய் ஒழுகாத பியூரெட் எத்தனை? சில்வர் நைட்ரேட் போன்ற விலை கூடிய வேதிப்பொருள் கடைசியாக எப்போது வாங்கினார்கள்? பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள். கேட்டால் உண்மை வராது. வந்த விடைகளை வைத்து குரூக்ஸ் செய்ததுபோலவே பெருக்குங்கள். இருவருக்கு ஒரு பியூரெட் என்றால் மாவட்டத்துக்கு இன்னும் எத்தனை வேண்டும், இன்றைய விலையில் மொத்தம் எவ்வளவு, அதில் பள்ளி நிதி எவ்வளவு தாங்கும், மீதிக்கு யாரைப் பார்க்க வேண்டும். சில பள்ளிகளில் பொருள் இருந்தும் பீரோவில் பூட்டிக் கிடக்கும். அங்கே தேவை பணமல்ல, பாடவேளை. அந்த இரண்டையும் ஒரே எண்ணில் கலந்துவிட்டால் உங்கள் கணக்கு முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும்.

குரூக்ஸுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. அவர் பேசிவிட்டு இறங்கினார். அதைச் செய்து முடித்தாக வேண்டும் என்று அந்தச் சங்கத்தில் யாருக்கும் கடமை இல்லை. உங்களுடையது பொதுக்குழு. இலக்கை உரையோடு விடாமல் தீர்மானமாகக் கொண்டுவந்து, எண்ணும் தேதியும் பொறுப்பாளர் பெயரும் போட்டு மினிட் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். அடுத்த ஆண்டு செயலாளர் அறிக்கையில் அதற்குப் பதில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் செயலாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அறிவிப்பில் அனுப்பும் பொருள்நிரலில் இல்லாத தீர்மானத்தை மேடையில் புதிதாக எடுத்தால், "இது நிரலில் இல்லையே" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்து நிற்பார், உங்கள் கணக்கெல்லாம் அங்கேயே நின்றுவிடும்.