jpegtran வெட்டும்போது மேல் இடது மூலை ஏன் நகர்கிறது?

கேள்வி: தரம் குறையாமல் ஜேபெக் படத்தை வெட்ட jpegtran பயன்படுத்துகிறேன். 500,300 புள்ளியில் தொடங்கி 1200x800 கேட்டால் 1204x812 படம் வருகிறது. கேட்ட அளவிலேயே வெட்ட முடியாதா?

பதில்:

அளவைச் சரியாக வாங்கலாம், தொடங்கும் புள்ளியைத்தான் வாங்க முடியாது. உங்கள் படம் 496,288-இல் தொடங்கியிருக்கும்.

ஜேபெக் கோப்புக்குள் பிக்சல்கள் பிக்சல்களாக இருப்பதில்லை. படத்தை 8x8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் 64 கெழுக்களாக மாற்றி, அவற்றை ஒரு அட்டவணையால் வகுத்து முழு எண்ணாக்கி எழுதுகிறார்கள். தரம் போவது பெரும்பாலும் இந்த முழு எண்ணாக்கலில்தான். jpegtran அந்த எண்களைத் தொடுவதே இல்லை. ஹஃப்மேன் குறியீட்டைப் பிரித்துக் கெழுக்களை வெளியே எடுக்கிறது, வேண்டாத கட்டங்களை விட்டுவிடுகிறது, மிச்சத்தை மறுபடி ஹஃப்மேன் குறியீட்டில் எழுதிவிடுகிறது. அதனால்தான் இழப்பு இல்லை.

இப்போது ஒரு கட்டத்தை நடுவில் வெட்டி, வலது பக்க 4 பத்திகளை மட்டும் வைத்துக்கொள்வதாக நினைத்துப் பாருங்கள். 64 கெழுக்களில் எதுவும் அந்த 4 பத்திகளுக்கு மட்டும் சொந்தமில்லை. ஒவ்வொரு கெழுவும் கட்டம் முழுவதும் பரவும் ஒரு அலையின் அளவு. புதிய கட்டத்துக்குப் பாதி இங்கிருந்தும் பாதி பக்கத்துக் கட்டத்திலிருந்தும் வேண்டும். அதற்குப் பிக்சல்களாக விரித்து, புதிதாகக் கெழு கணக்கிட்டு, மறுபடி முழு எண்ணாக்க வேண்டும். அதுதானே மறு அமுக்கம்!

சரி, கட்டம் 8 என்றால் 500-க்கு 496 சரிதான், 300 ஏன் 296 ஆகாமல் 288 ஆனது? படம் 4:2:0 வகையாக இருப்பதால். அதில் இரண்டு நிறத் தளங்களும் நீளம், உயரம் இரண்டிலும் பாதி அளவில் இருக்கும். ஒரு நிறக் கட்டம் படத்தில் 16x16 பரப்பை மூடும், அதைப் பாதியாக வெட்ட வழியில்லை. எனவே எல்லை 16-இன் மடங்கு. 500-ஐ 16-ஆல் வகுத்தால் மீதி 4, 300-ஐ வகுத்தால் மீதி 12. மூலை அவ்வளவு பின்னால் போகிறது, கீழ் வலது மூலை நகராததால் அகலமும் உயரமும் அதே அளவு கூடுகின்றன. 4:4:4 படமாக இருந்தால் 8 போதும். இமேஜ்மேஜிக் இருந்தால் எந்த வகை என்று பார்க்கலாம்:

```
identify -format "%[jpeg:sampling-factor]" a.jpg
```

`2x2,1x1,1x1` என்று வந்தால் 4:2:0.

அளவுதான் முக்கியம் என்றால் எண்களுக்குப் பின்னால் f சேருங்கள்:

```
jpegtran -copy all -crop 1200fx800f+500+300 -outfile b.jpg a.jpg
```

மூலை அப்போதும் 496,288-தான். வலதில் 4 பத்தி, கீழே 12 வரி குறையும். இடது ஓரத்தில் தெரியவே கூடாத ஏதாவது இருந்தால் 512,304 என்று உள்ளே தள்ளித் தொடங்குவதே நல்லது.

வலதும் கீழும் மட்டும் ஏன் எங்கே வேண்டுமானாலும் முடியலாம் என்றால், கோப்பின் தலைப்பில் அகலமும் உயரமும் எழுதப்பட்டிருக்கின்றன. கடைசிக் கட்டத்தில் மிஞ்சுவதைத் திறக்கும் மென்பொருள் காட்டாமல் விட்டுவிடும். தொடக்கத்தில் இத்தனை பிக்சலைத் தள்ளு என்று சொல்ல அங்கே இடமே இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காட்டாமல் விட்டது கோப்பில் அப்படியே இருக்கும். உங்கள் 1204x812 படத்தின் தலைப்பில் எண்களை 1208x816 என்று மாற்றினால், நீங்கள் வெட்டியெறிந்த 4 பத்தியும் 4 வரியும் திரும்ப வந்துவிடும். அப்புறம், `-copy all` கொடுத்தால் எக்ஸிஃப் உள்ளே இருக்கும் சிறுபடமும் வெட்டப்படாமல் கூடவே வரும், அதில் பழைய படம் முழுதாகத் தெரியும். மறைப்பதற்காக வெட்டுகிறீர்கள் என்றால் வலது, கீழ் எல்லைகளையும் 16-இன் மடங்கில் வைத்து, `-copy none` கொடுங்கள்.

ஆனால் `-copy none` திசைக் குறிப்பையும் எடுத்துவிடும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பக்கவாட்டில் சாய்ந்து தெரிந்தால் காரணம் அதுதான். அப்படிப்பட்ட படத்தில் `-crop` எண்களையும் திரையில் தெரியும் திசையில் அல்ல, கோப்பில் உள்ள திசையில்தான் jpegtran எண்ணும்.