ஜாமீன் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பம்ப் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவர் ராஜினாமா செய்துவிட்டு, பிற நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்ய சி.என்.சி. பட்டறை தொடங்கப்போவதாகச் சொல்கிறார். எந்திரத்துக்கு 30 லட்சம் வங்கிக் கடன். நானும் ஜாமீன் போட வேண்டுமாம். மறுத்தால் அவர்மீது நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமோ? ஒரு நல்ல மனைவி என்ன செய்ய வேண்டும்?
கே., கோவை

அன்புள்ள கே.,

‘நல்ல மனைவி’ கவலையை விட்டுவிடுங்கள். தொழில் தேறுமா என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஜாமீன், சில காலமாகவே என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம்.

என் சித்தியும் ஆசிரியைதான். சித்தப்பா நூல் வியாபாரத்துக்குக் கடன் வாங்கியபோது, பென்சிலால் பெருக்கல் குறியிட்டிருந்த இடங்களிலெல்லாம் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். வியாபாரம் நொடித்ததும் வங்கியின் நோட்டீஸ் பள்ளிக்கு வந்தது; தலைமையாசிரியர் அறையில் நின்று அதை வாங்கினார். நகைகளை விற்றுத்தான் கடனை அடைத்தார்.

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தாலொழிய, ஜாமீன் கொடுத்தவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு. கணவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை; வழக்கில் தீர்ப்பு வந்தால் சம்பளத்தில் ஒரு பகுதியையும் பிடிக்கலாம். வினாவைக் கவனமாகப் படியுங்கள் என்று பிள்ளைகளிடம் தினமும் சொல்கிற நீங்கள், ‘சும்மா ஒரு கையெழுத்துதானே’ என்று நீட்டப்படும் தாளைப் படிக்காமல் விடலாமா?

உங்கள் பங்கை நீங்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை. 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் என்றால் தவணை மாதம் சுமார் 65,000 ரூபாய். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று அஞ்சிப் பட்டறைக்காரர்கள் வாய் திறப்பதில்லை. பில் நிற்கும், தவணை நிற்காது. அந்த மாதங்களில் அரிசியும் பள்ளிக் கட்டணமும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் வரும். அதையும் கடனோடு பிணைத்துவிட்டால், தொழில் விழும்போது தாங்கிப் பிடிக்க வீட்டில் எதுவும் மிஞ்சாது.

ஆகவே முதலில், குறு, சிறு தொழில்களின் கடனுக்குப் பொறுப்பேற்கும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. உத்தரவாதத் திட்டத்தில் கடன் தர முடியுமா என்று வங்கியில் கேட்கச் சொல்லுங்கள். ஆண்டுக் கட்டணம் உண்டு. ஆனால் சொத்து ஈடும் மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டியதில்லை. அது கிடைக்காமல் நீங்கள் கையெழுத்திட்டே ஆக வேண்டுமென்றால், எந்திரக் கடனுக்கு மட்டும், தொகையைக் குறிப்பிட்டு ஜாமீன் கொடுங்கள். நடைமுறை மூலதனத்துக்கான சி.சி. கணக்குக்கு வேண்டாம். அங்கே எடுப்பதும் கட்டுவதுமாகக் கடன் ஓடிக்கொண்டேயிருக்கும், உங்கள் ஜாமீனும் கூடவே ஓடும். பின்னால் அறிவிப்புக் கொடுத்து விலகினாலும், அதுவரை ஏறிய பாக்கி உங்களை விடாது.

பத்திரத்தின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசியுங்கள். புரியாத வரிகளுக்கு மேலாளரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.