கூட்டக் குறிப்பில் முடிவையும் பொறுப்பாளரையும் எப்படி எழுதுவது?

"மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் நிர்வாகப் பயிற்சியாளராக இருக்கிறேன். கூட்டத்தில் எல்லோரும் பேசுகிறார்கள். எதை முடிவென்று எழுதுவது?"

பேச்சை எழுதாதீர்கள், முடிவை எழுதுங்கள். கிடங்குக் கூரை ஒழுகுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, "பார்த்துக்கொள்ளலாம்" என்று தலைவர் அடுத்த பொருளுக்கு நகர்ந்தால், அது முடிவல்ல. அங்கேயே மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதட்டும்?" தயக்கமாகத்தான் இருக்கும், ஆனால் மறுநாள் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

பிறகு இப்படி எழுதலாம்: "தீர்மானம் 4: கூரையைச் சீரமைக்க மூன்று விலைப்புள்ளிகள் பெறப்படும். பொறுப்பு: கணக்காளர். கெடு: மே 20." தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வந்துவிடும் என்பதால்தான் அந்தத் தேதி. பொறுப்புக்கு ஒருவர் பெயரே போதும். "குழு" என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். அவர் கூட்டத்துக்கு வரவில்லையென்றால், சம்மதம் கேட்டபின்தான் பெயரைச் சேர்க்க வேண்டும்.