வங்கிக் கணக்கில் எண் மாறியது, கார்டில் மாறவில்லை

கேள்வி: புது மொபைல் எண் வாங்கிவிட்டேன். மெயில், வங்கி, ஷாப்பிங் கணக்குகளில் எண்ணை மாற்ற எங்கிருந்து தொடங்குவது? பழைய சிம்மை எப்போது விடலாம்?

பழைய சிம் இன்னும் உங்களிடம் இருக்கிறது, அதில் குறுஞ்செய்தி வருகிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியென்றால் அவசரமே இல்லை. இரண்டு சிம்மும் ஓடும்படி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்கிலும் பணம் கட்டியோ உள்நுழைந்தோ பார்த்து, ஓடிபி புது எண்ணுக்கு வருவதைக் கண்ணால் கண்ட பிறகு பழையதை விடுங்கள். "எண் மாற்றப்பட்டது" என்று வரும் செய்தியை நம்பி விடாதீர்கள். நான் அதை நம்பித்தான் மாட்டிக்கொண்டேன்.

என் பழைய எண் அலுவலகம் கொடுத்தது. பதினோரு வருடம் அதுதான் என் எண். வேலையை விடும்போது திருப்பித் தர வேண்டும் என்று தெரியும், ஆனால் கடைசி நாளில் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டு மாலையில் தரலாம் என்று நினைத்திருந்தேன். மதியமே வாங்கிக்கொண்டார்கள். பதினோரு வருடம் உழைத்த ஒருவருக்கு இன்னும் ஒரு வாரம் அந்த சிம்மை விட்டு வைத்திருந்தால் யாருக்கும் நட்டம் வந்திருக்காது. கேட்டுப் பார்த்தேன், விதி என்றார்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும். ஆனால் அலுவலக எண்ணைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியது என் தப்பு என்று சொல்ல வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: கணக்குகள் தொடங்கிய காலத்தில் என்னிடம் வேறு எண்ணே கிடையாது.

அப்போதும் நான் அலட்சியமாக இருக்கவில்லை. இரண்டு வாரம் முன்பே வங்கிக் கிளைக்குப் போய், அடையாள அட்டை காட்டி, படிவம் நிரப்பிக் கொடுத்தேன். மறுநாள் இரண்டு எண்ணுக்கும் செய்தி வந்தது. ஏடிஎம்மில் பணம் எடுத்துப் பார்த்தேன், செய்தி புது எண்ணுக்கு வந்தது. வங்கி வேலை முடிந்தது என்று பட்டியலில் கோடு போட்டேன்.

வேலையை விட்டு இருபது நாள் கழித்து அதே வங்கியின் கிரெடிட் கார்டில் ஒரு பொருள் வாங்கப் போனேன். ஓடிபி அனுப்பிய எண்ணின் கடைசி இலக்கங்களைத் திரையில் காட்டினார்கள். அது என் பழைய எண்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. பல வங்கிகளில் சேமிப்புக் கணக்குக்கு ஒரு மென்பொருள், கிரெடிட் கார்டுக்கு வேறொரு மென்பொருள். இரண்டிலும் உங்கள் எண் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் தானாக மாறும்படி சில வங்கிகள் இணைத்திருக்கின்றன, சில இணைக்கவில்லை. நான் கொடுத்த படிவத்தில் கார்டு எண்ணுக்கென்று ஒரு கட்டம் இருந்தது. கணக்கு எண்ணை எழுதினால் போதும் என்று அதைக் காலியாக விட்டிருந்தேன். பணம் எடுத்தபோது வந்தது கணக்கின் செய்தி. கார்டில் பணம் கட்டும்போது கேட்கும் ஓடிபியோ கார்டின் பதிவிலிருக்கும் எண்ணுக்குப் போகிறது. ஆக, நான் செய்து பார்த்த சோதனை சரியானதுதான், ஆனால் அது பாதியை மட்டுமே சோதித்தது. கடன் கணக்கு, நெட் பேங்கிங், வங்கிச் செயலி ஆகியவற்றையும் இப்படித் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள். சில செயலிகள் போனிலிருக்கும் சிம்மோடு கட்டப்பட்டவை. எண் மாறியதும் மறுபடி பதிவு செய்யச் சொல்லும், அதன்பின் சில நாள் வரை பெரிய தொகை அனுப்ப விடாமல் வரம்பு வைக்கவும் கூடும். வாடகையோ கட்டணமோ கட்ட வேண்டிய வாரத்தில் மாற்றாமல் இருப்பது நல்லது.

கார்டு பிரிவை அழைத்தேன். மாற்றுவதற்குப் பழைய எண்ணுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். பழைய எண்ணை அழைத்துப் பார்த்தேன். என் இடத்துக்கு வந்த புதுப் பையன் எடுத்தான். "சார், உங்களுக்கு வர வேண்டிய ஓடிபி எல்லாம் எனக்கு வருது, என்ன செய்யறதுன்னு தெரியல" என்றான். அந்த ஓடிபியைச் சொல்லு தம்பி என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. போனில் கேட்கும் யாருக்கும் ஓடிபி சொல்லக் கூடாது என்பதுதான் எல்லாருக்கும் சொல்லப்படும் பாடம். அதை அவன் மீறும்படி நான் கேட்பது சரியில்லை என்று தோன்றியது. கிளைக்குப் போய், கார்டு எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு மறுபடி படிவம் கொடுத்தேன். மாறி வர நான்கு வேலை நாள் ஆனது.

இது அலுவலக எண்ணுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் விட்டுவிடும் எண்ணைத் தொலைபேசி நிறுவனம் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். புது வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கத் தயாராக இருந்த 259 எண்களை எடுத்துப் பார்த்ததில், 171 எண்கள் பிரபலமான தளங்களில் ஏதோ ஒரு கணக்கோடு இன்னும் இணைந்திருந்தன. அந்தப் பையன் நல்லவனாக அமைந்தது என் நல்ல நேரம்.

மெயிலை மட்டும் நான் சரியான வரிசையில் செய்திருந்தேன், அதனால்தான் சேதம் கார்டோடு நின்றது. முதலில் தொட வேண்டியது மெயில்தான், ஏனென்றால் மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வருகிறது. மெயிலிலும் எண் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கூகுள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். Recovery phone என்று ஒரு எண், 2-Step Verification பகுதியில் ஒரு எண். இரண்டையும் போய்ப் பார்க்க வேண்டும். எதையும் மாற்றும் முன் அதே பகுதியிலுள்ள Backup codes என்பதைத் திறந்து, அது தரும் பத்துக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு முறைதான் பயன்படும். எந்த சிம்மும் இல்லாமல் உள்ளே போக உதவும். அப்புறம் புது எண்ணைச் சேர்த்து, அதற்கு வரும் குறியீட்டைக் கொடுத்து உறுதி செய்து, கடைசியாகப் பழையதை நீக்குங்கள். Recovery phone மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று கூகுள் கேட்கக்கூடும். கணக்கைத் திருடியவன் எண்ணை மாற்றியிருந்தால் உரியவர் மீட்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. மாற்றிய அன்றே பழைய சிம்மைக் கழற்றக் கூடாது என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

ஷாப்பிங் கணக்கில் எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. நம் புது எண்ணும் யாரோ விட்ட பழைய எண்ணாக இருக்கலாம் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு தளத்தில் புது எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்து உள்ளே போனால், முன்பின் தெரியாத ஒருவரின் பெயர், வீட்டு முகவரி, அவர் வாங்கிய பொருள்கள் எல்லாம் என் கண்முன் திறந்தன. உடனே வெளியே வந்துவிட்டேன். அப்புறம் என் கணக்கில் மெயிலும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்து புது எண்ணைச் சேர்க்கப் பார்த்தேன். அது வேறொரு கணக்கில் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தது. பதிவு செய்த மெயிலிலிருந்து வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிய பிறகு, எண் என்னுடையதுதான் என்று சரிபார்த்து, அந்தக் கணக்கிலிருந்து பிரித்து என் கணக்கில் சேர்த்தார்கள்.

அதனால் ஷாப்பிங் தளத்தின் நுழைவுப் பக்கத்தில் புது எண்ணை அடிக்காதீர்கள். முன்பு யாருடைய கணக்கிலாவது அந்த எண் இருந்தால் அது திறக்கும். இல்லையென்றால் காலியாக ஒரு புதுக் கணக்கு உருவாகி, உங்கள் பழைய ஆர்டர்களும் மீதிப் பணமும் வேறு பக்கம் நிற்கும். பழைய எண்ணாலோ மெயிலாலோ உள்ளே போய், கணக்கு அமைப்பில்தான் எண்ணை மாற்ற வேண்டும். அப்புறம் சேமித்து வைத்த டெலிவரி முகவரிகளைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு முகவரியிலும் ஒரு எண் தனியாக இருக்கும், கணக்கில் மாற்றினால் அது மாறாது. டெலிவரி செய்பவர் அந்த எண்ணைத்தான் அழைப்பார்.

எந்தெந்தக் கணக்கு என்று நினைவிலிருந்து பட்டியல் போட்டால் விடுபடும். பழைய எண்ணுக்கு ஒரு வருடத்தில் வந்த குறுஞ்செய்திகளை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்து, ஓடிபி அனுப்பிய ஒவ்வொரு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்திருந்தால் அம்மாவின் மெயில் விடுபட்டிருக்காது. அம்மாவுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தபோது மீட்பு எண்ணாக என் எண்ணைப் போட்டிருந்தேன். அது என் எந்தக் கணக்கிலும் இல்லாததால் கண்ணிலேயே படவில்லை. அம்மா கடவுச்சொல்லை மறந்த அன்று, அந்தப் பையன்தான் எனக்கு அழைத்துச் சொன்னான்.

ஒருவேளை உங்கள் சிம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், எண் உங்கள் பெயரில் இருந்ததா என்று பாருங்கள். இருந்து, வேறு யாருக்கும் இன்னும் போகவில்லை என்றால், தொலைபேசி நிறுவனத்தில் அதே எண்ணுக்கு மாற்று சிம் கேட்கலாம். நாள் தள்ளினால் அந்த வாய்ப்பும் போய்விடும். கிடைக்கவில்லை என்றால், மெயில் திறந்தபடியே இருக்கும் போன் அல்லது கணினியில் லாக் அவுட் செய்யாமல், போனை ரீசெட் செய்யாமல், அதிலிருந்தே எண்ணை மாற்றப் பாருங்கள். வங்கிக்கு அடையாள அட்டையோடு நேரில் போங்கள், கார்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.