அடைத்த பணம் திரும்ப வருமா?

ஐயா, வணக்கம். கப்பலூரில் ஒரு தனியார் ஆலையில் இருந்து வரும் மாதம் 58 வயதில் ஓய்வு பெறுகிறேன். பி.எஃப்., பணிக்கொடை இரண்டும் சேர்த்து 24 லட்சம் வரும். பென்ஷன் 4,200. திருநகர் வீட்டின் மாடி வாடகை 6,000. வீட்டுச் செலவு மாதம் 17,000. வீட்டுக் கடன் பாக்கி 9 லட்சம். மாறும் வட்டி, இப்போது 9 சதவீதம், தவணை 14,480, இன்னும் 7 வருடம். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய தனிநபர் கடன் பாக்கி 2,40,000, வட்டி 14.5 சதவீதம், தவணை 9,585, இன்னும் 30 மாதம். மனைவியின் 7 பவுன் மேல் நகைக்கடன் 1,80,000, வட்டி 12 சதவீதம். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு நிம்மதியாக இரு என்கிறார் மைத்துனர். நகையை விற்றுவிடு என்றும் சொல்கிறார். உடன் வேலை பார்த்தவரோ, பணத்தை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டு அந்த வட்டியிலேயே தவணை கட்டு என்கிறார். கோவையில் வேலை பார்க்கும் மகன் மாதம் 6,000 தருகிறேன் என்கிறான். எது சரி?
— ஒரு வாசகர், திருநகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்ன வழியை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 24 லட்சத்தையும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீதத்தில் மாதத்துக்கு 16,400 ரூபாய் கணக்காகிறது. பென்ஷனும் வாடகையும் சேர்ந்தால் 26,600. இரண்டு தவணைக்கும் நகைக்கடன் வட்டிக்கும் 25,865 போய்விடும். மிச்சம் 735 ரூபாய். வீட்டுச் செலவோ 17,000. வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து, 9-க்கும் 8.2-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று நினைப்பதால் வரும் தவறு இது. தவணையில் வட்டி மட்டுமல்ல, அசலும் இருக்கிறது. டெபாசிட் தருவதோ வட்டி மட்டும். இந்தப் பள்ளத்தை நிரப்பச் சீக்கிரமே டெபாசிட்டை உடைக்க வேண்டி வரும். அந்தத் திட்டத்தில் ஒரு வருடத்துக்குள் உடைத்தால், அதுவரை கொடுத்த வட்டியை அசலில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதமும், அதற்கு மேல் என்றால் 1 சதவீதமும் போகும்.

ஆகவே அடைக்கத்தான் வேண்டும். ஆனால் மைத்துனர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் ஒரே நாளில் அல்ல. ஒவ்வொரு கடனையும் எடுத்து வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் போட்ட பணம், அவசரம் என்றால் திரும்ப என் கைக்கு வருமா?

நகைக்கடனில் வரும். 1,80,000 கட்டி நகையை மீட்டால் 7 பவுன் வீட்டுக்கு வருகிறது. என்றாவது ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அதே நகையை அன்றைக்கே அடகு வைத்துப் பணம் வாங்கலாம். சம்பளச் சீட்டு யாரும் கேட்கப்போவதில்லை. அதனால்தான் அதை விற்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. தெற்காவணி மூல வீதியில் பழைய நகையைக் கொடுத்தால் செய்கூலி, சேதாரம் என்று வாங்கும்போது நீங்கள் கொடுத்தது எதுவும் திரும்ப வராது. அதைவிட, உங்கள் வயதில் கேட்டவுடன் கடன் கிடைக்கும் எளிய வழி நகைதான். அதையும் இழக்கக்கூடாது. எனவே இதை முதலில் மீட்டுவிடுங்கள். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் அடகுச் சீட்டில் எழுதிய உருப்படிகளையும் எடையையும் மனைவியை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியே வந்த பிறகு கேட்டால் பேச்சு எடுபடாது.

தனிநபர் கடனில் போட்ட பணம் திரும்ப வராது. ஆனால் வட்டி 14.5 சதவீதம். எந்தப் பாதுகாப்பான டெபாசிட்டும் அதற்கு ஈடு கொடுக்காது. இதில் ஒரு சிக்கல், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம். மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் வங்கி கட்டணம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தனிநபர் கடன் பெரும்பாலும் நிலையான வட்டி என்பதால் அதில் கட்டணம் இருக்கக்கூடும், ஒப்பந்தத்தைப் பாருங்கள். 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 7,200, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறக்குறைய 8,500. இன்னும் கட்ட வேண்டிய வட்டி 47,500 இருப்பதால் அவ்வளவும் லாபம் என்று எண்ண வேண்டாம். கடனை அடைக்காமல் வைத்திருந்தால் அந்தப் பணமும் வெளியே கொஞ்சம் வட்டி ஈட்டியிருக்கும். 8.2 சதவீதம் கிடைப்பதாக வைத்தாலும், கட்டணம் போக இன்றைய மதிப்பில் சுமார் 10,000 ரூபாய் உங்களுக்கு மிச்சம். தொகை சின்னதுதான். ஆனால் மாதம் 9,585 தோளில் இருந்து இறங்குகிறதே, அதற்காகவே முடித்துவிடலாம். முடித்ததும் நிலுவை இல்லைச் சான்று வாங்குங்கள். கணக்கில் இருந்து தானாகப் பணம் எடுக்கும் உத்தரவை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கடன் முடிந்த பிறகும் ஒரு மாதம் பணம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவது நடக்கிறது.

இனி வீட்டுக் கடன். இங்கே போடும் பணம் ஒருவழிப் பாதையில் போகிறது. 9 லட்சத்தையும் கட்டிவிட்டு ஆறு மாதம் கழித்து 3 லட்சம் தேவை என்று அதே வங்கியில் நின்றால், 4,200 ரூபாய் பென்ஷனைக் காட்டி உங்களுக்குக் கடன் கிடைப்பது கடினம். உங்கள் கடன் ஓவர் டிராஃப்ட் வகையாக இருந்தால் மட்டும் இது பொருந்தாது. அதில் கூடுதலாகப் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாம். எந்த வகை என்று கிளையில் கேளுங்கள். சாதாரணக் கடன் என்றால், கட்டாமல் கையில் வைத்திருக்கும் பணத்தை எந்த நாளிலும் கட்டணமில்லாமல் கட்டலாம். கட்டியதைத்தான் எடுக்க முடியாது. இந்த வித்தியாசம் உங்களுக்குச் சாதகமானது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

என் யோசனை, 9 லட்சத்தில் 5 லட்சத்தை இப்போது கட்டுங்கள், 4 லட்சத்தை நிறுத்திவையுங்கள். நகை, தனிநபர் கடன், கட்டணம், இந்த 5 லட்சம் எல்லாம் போக உங்களிடம் 14.7 லட்சம் இருக்கும். அதில் 7.7 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு. அதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 15,785 ரூபாய் வரும். 3 லட்சம் அவசரத்துக்கு, 4 லட்சம் வீட்டுக் கடனுக்கு. இந்த 7 லட்சத்தையும் வங்கி டெபாசிட்டில் ஒரு லட்சம் ஒரு லட்சமாகத் தனித்தனி ரசீதாகப் போடுங்கள்; ஒன்று தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். 6.5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், வட்டி, பென்ஷன், வாடகை எல்லாம் சேர்த்து மாதம் 19,250. 5 லட்சம் கட்டியதால் குறையும் வீட்டுக் கடன் தவணை 6,436 போக 12,800. மகனின் 6,000 சேர்ந்தால் 18,800. வீட்டுச் செலவு நடந்து கொஞ்சம் மிஞ்சும்.

மகனால் ஒரு கட்டத்தில் முடியாமல் போனால் மாதம் 4,200 ரூபாய் துண்டு விழும். அப்போது தயங்க வேண்டாம். அந்த 4 லட்சத்தை எடுத்து மீதிக் கடனை முடித்துவிடுங்கள். தவணை போய்விடும், 4 லட்சத்தின் வட்டியும் போகும், மாத வரவு 17,100 அளவில் செலவோடு ஒட்டி நிற்கும். பிள்ளையின் பங்கை நம்பி முழுத் தவணை 14,480-ஐ வைத்துக்கொண்டு, பணத்தையெல்லாம் மூத்த குடிமக்கள் திட்டத்தில் பூட்டியிருந்தால் இப்படி ஒரே நாளில் திரும்பிவர முடியாது.

4 லட்சத்தைக் கையில் வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. 9 சதவீதம் கொடுத்து 6.5 சதவீதம் வாங்குகிறீர்கள். முதல் வருடம் 10,000-க்குச் சற்றுக் குறைவாக நஷ்டம், அசல் குறையக் குறைய அதுவும் குறையும். ஓய்வின் முதல் இரண்டு வருடத்துக்கு இது கொடுக்கத் தகுந்த விலை என்பதே என் எண்ணம். பென்ஷன் எப்போது கைக்கு வரும், மருந்துச் செலவு எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். இரண்டு வருடத்தில் தொடவே இல்லை என்றால் அப்போது கட்டி முடியுங்கள். ஒன்று மட்டும்: அந்தப் பணம் இருப்பது சொந்தபந்தத்துக்குத் தெரிய வேண்டாம். கைமாற்றாகப் போனால் இந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும்.

5 லட்சம் கட்டும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எதுவும் சொல்லாமல் கட்டினால் பல வங்கிகளில் தவணை அப்படியே 14,480 இருக்கும், காலம் மட்டும் ஏழு வருடத்தில் இருந்து குறையும். சம்பளக்காரருக்கு அது நல்லது. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். “5 லட்சத்தை அசலில் வரவு வைத்து, காலத்தை மாற்றாமல் மாதத் தவணையைக் குறைத்துத் தரவும்” என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, 6,436-க்குப் பக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த மாதம் பாஸ்புக்கில் பழைய தொகையே பிடித்திருந்தால் அன்றைக்கே கிளைக்குப் போங்கள்.

அப்படியே வட்டியையும் கேளுங்கள். 2025-ல் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50-இல் இருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. உங்கள் கடன் பழைய வட்டி முறையில் தங்கியிருந்தால், சிறிய கட்டணத்தில் ரெப்போ சார்ந்த வட்டிக்கு மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள்.

தவணை எந்தக் கணக்கில் இருந்து போகிறது என்பதையும் கவனியுங்கள். சம்பளக் கணக்கில் இருந்து போய்க்கொண்டிருக்கும். சம்பளம் நின்றதும் அது காலியாகிவிடும். பென்ஷன் வேறு வங்கிக்கு வந்தால் தவணை திரும்பி அபராதம் விழும், கடன் மதிப்பெண்ணும் கெடும். ஓய்வு பெறும் முன்பே மாற்றுங்கள்.

மூத்த குடிமக்கள் திட்டம் 60 வயதானவர்களுக்கானது. 55 முடிந்து ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் சேரலாம். அதற்கு ஆலையில் இருந்து ஓய்வுச் சான்றும், என்ன பணம் எவ்வளவு கொடுத்தோம் என்ற கடிதமும் வேண்டும். பணி முடியும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

உங்களுக்குப் பிறகு மனைவிக்கு வரும் பென்ஷன் பாதிதான், 2,100. வீட்டுக் கடனோடு காப்பீடு எடுத்திருந்தால் அது எந்த வயது வரை என்று பத்திரத்தைப் பாருங்கள். காப்பீடு இல்லை என்றால் அந்த 4 லட்ச டெபாசிட்டை உங்கள் மனைவியும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காகவே போடுங்கள்.

கடனை முழுதாக முடிக்கும் நாளில் செய்ய வேண்டியதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அசல் பத்திரங்களை வங்கி 30 நாளுக்குள் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் கைக்கு வந்தாலும் வேலை முடியவில்லை. கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர ஒப்படைப்பைப் பதிவு செய்திருப்பீர்கள். அதற்கு, கடன் தீர்ந்தது என்று வங்கியைக் கொண்டு ரசீது ஆவணம் எழுதிப் பதிவு செய்யாவிட்டால், வில்லங்கச் சான்றில் உங்கள் வீடு அடமானத்தில் இருப்பதாகவே காட்டும். பதிவு முடிந்து சில நாட்கள் கழித்து வில்லங்கச் சான்று போட்டு, ரசீது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.