மூக்கில் கண்ணாடித் தடம்: பள்ளத்தை விடுங்கள், கட்டியைக் கவனியுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. திருச்சியில் இருக்கிறேன். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 8 பவர். போன வருடம் பெரிய கருப்பு பிரேம் வாங்கினேன். அதிலிருந்து மூக்கின் இரு பக்கமும் சிவந்து பள்ளம் விழுகிறது, சுற்றிலும் கருத்துவிட்டது. மூக்கு எலும்பே வளைந்துவிடும் என்கிறார்கள். அடிக்கடி தலைவலியும் வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு கிரீம் வாங்கி இரண்டு மாதமாகத் தடவுகிறேன். இப்போது இடது பக்கப் பள்ளத்தில் சின்னதாக, கெட்டியாக ஒரு கட்டி. நெட்டில் பார்த்தால் தோல் புற்றுநோய் என்று வருகிறது. லேசர் செய்யலாமா?

பதில்: எலும்பு வளையாது. வளர்ந்தவர்களின் மூக்கு எலும்பை வளைக்கிற கண்ணாடியை இன்னும் யாரும் செய்யவில்லை. அழுத்தத்தில் தோலுக்குள் இருக்கும் நீர் பக்கவாட்டில் ஒதுங்குவதுதான் பள்ளம். காலுறை ரப்பர் கணுக்காலில் பதிவது மாதிரி. கழற்றினால் சில நிமிடத்திலோ, நாள் முழுக்கப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கழித்தோ மேலே வந்துவிடும். பல வருடம் ஒரே இடத்தில் அழுத்தினால் லேசான பள்ளம் நிலையாகத் தெரியலாம், அதுவும் தோல் அளவில்தான். தலைவலிக்குக் கண்ணாடியின் எடையைப் பிடித்துத் தொங்காமல் ஒருமுறை பவரைப் பரிசோதித்துவிடுங்கள். லேசர் வேண்டாம். நம் நிறத் தோலில் சூடு பட்டால் கருமை கூடவும் வாய்ப்புண்டு.

உங்களைத் தூங்க விடாதது அந்தக் கட்டி. அதைப் பேசுவோம்.

கண்ணாடி ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அழுத்தித் தேய்த்தால், தோல் தன்னைக் காத்துக்கொள்ள அங்கே தடித்துக் கட்டியாகும். தோல் மருத்துவத்தில் இதற்கு அகாந்தோமா ஃபிசுராட்டம் என்று பெயர். பயப்பட வைக்கிற பெயர்தான், ஆனால் இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் அல்ல. மூக்கின் பக்கவாட்டிலும் காதுக்குப் பின்னாலும் வரும். தோல் நிறத்திலோ இளஞ்சிவப்பாகவோ கெட்டியாக இருக்கும். நடுவில் ஒரு கோடு அல்லது பிளவு ஓடும். கண்ணாடியை மாட்டிப் பார்த்தால் பிரேமின் விளிம்பு சரியாக அந்தக் கோட்டில் போய் உட்காரும். இன்று இரவு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று இதைப் பாருங்கள். அப்படி உட்கார்ந்தால் குற்றவாளி பெரும்பாலும் பிரேம்தான்.

'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூக்கில் வரும் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோயும் ஆரம்பத்தில் இதே மாதிரி இருக்கலாம். மருத்துவர்களே வெறும் கண்ணால் பார்த்து இதை அதுவென்று நினைப்பதுண்டு. 34 வயதில், நம் நிறத்தில் அது அரிது. அரிது என்பதால் இல்லவே இல்லை என்று எழுதித்தர முடியாது. அதன் போக்கு வேறு. ஓரம் மினுமினுப்பாக, முத்து மாதிரி தடித்திருக்கும். அதன்மேல் மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரியலாம். நம்மவர்களுக்குப் பழுப்பு, கருப்புப் புள்ளிகளும் கலந்திருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அது ஆறாது. முகம் கழுவும்போது லேசாக ரத்தம் கசியும், பொருக்குக் கட்டும், ஆறியது மாதிரி இருக்கும், மறுபடி திறக்கும்.

கண்ணாடியால் வந்த கட்டிக்கு அழுத்தத்தை எடுத்துவிட்டால் பிழைப்பு இல்லை. சில வாரங்களில் சுருங்கத் தொடங்கும், முழுதாக மறைய மாதங்கள் ஆகலாம். ஆகவே பிரேமைச் சரிசெய்த அன்று நல்ல வெளிச்சத்தில் கட்டியைப் போட்டோ எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொன்று. ஆறு வாரத்தில் தெளிவாகச் சிறுத்திருந்தால் சரி, விட்டுவிடலாம். சிறுக்கவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் பயாப்சி. நடுவில் எப்போது ரத்தம் கசிந்தாலும், புண்ணாகித் திறந்தாலும், ஓரம் வளர்ந்தாலும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே போங்கள். பயாப்சி என்றதும் ஆபரேஷன் தியேட்டரை நினைக்காதீர்கள். மரக்க ஊசி போட்டு மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துண்டு எடுப்பார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

அடுத்து அந்த கிரீம். பெயரை எழுதவில்லை. ட்யூபை எடுத்துப் படியுங்கள். ஹைட்ரோகுயினோன், டிரெடினாயின், கூடவே மொமெட்டசோன் அல்லது ஃபுளூவோசினோலோன் என்று இருந்தால், கருமைக்கென்று கடையில் தூக்கிக் கொடுக்கிற மூன்று மருந்துக் கலவைதான் அது. கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்குப் போட வேண்டியதை நீங்கள் இரண்டு மாதமாகப் பூசியிருக்கிறீர்கள். ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும். மெலிந்த தோலில் தடம் இன்னும் ஆழமாக விழும், சிவப்பு நிற்கும், புண் ஆறத் தாமதமாகும். அதாவது எந்தப் பள்ளத்துக்கு மருந்து போட்டீர்களோ அதையே வளர்த்திருக்கிறீர்கள். போதாததற்குக் கட்டியின் உண்மை முகத்தையும் அது மறைக்கும். இதோடு நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில நாளில் முகம் சிவந்து எரியலாம். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி அதே ட்யூபைத் தேடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று: கண்ணுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் ஸ்டீராய்டு பூசினால் கண் அழுத்தம் ஏறலாம். மைனஸ் 8 பவர் உள்ள கண்ணுக்கு, பார்வை நரம்பைக் கெடுக்கிற குளுக்கோமா வரும் வாய்ப்பு ஏற்கெனவே மற்றவர்களைவிட அதிகம். பவர் பார்க்கப் போகும்போது கண் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எலுமிச்சை, பற்பசை வகையறாக்களை அடுத்த யோசனையாக வைத்திருந்தால் அதையும் கைவிடுங்கள்.

இனி பிரேம். நோய் இருப்பது அங்கேதான்.

உங்கள் கண்ணாடி கனமாக இருப்பதற்கு லென்ஸ்தான் முதல் காரணம். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிப்பு. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு வேகமாகத் தடிக்கும். தூரம் இரண்டு மடங்கானால் தடிப்பின் ஏற்றம் நான்கு மடங்கு. பிரேமின் உள்பக்கம் 56, 18, 140 என்ற மாதிரி எண்கள் அச்சாகியிருக்கும். முதல் எண் லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்கின் மேலுள்ள இடைவெளி, எல்லாம் மில்லிமீட்டர். உங்களுடையது 56, 18 என்றும், இரு கண்மணிகளுக்கு இடையே 62 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். பிரேமின் இரு வட்டங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 74 இருக்கும். கண்ணோ அதைவிட 12 குறைவு. ஆகவே ஒவ்வொரு லென்ஸின் பார்வை மையத்தையும் 6 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். வெளி ஓரம் மையத்திலிருந்து 34 மி.மீ. தூரம் போய்விடும். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் அந்த ஓரம் ஏறக்குறைய 11 மி.மீ. தடிக்கும்.

கடைக்காரர் உடனே 1.67 ஹை இண்டெக்ஸ் என்கிற மெல்லிய ரக லென்ஸ் போடுங்கள் என்பார். போட்டால் ஓரம் எட்டரை மி.மீ. அளவுக்கு வரும். பரவாயில்லை. ஆனால் அதே சாதாரண லென்ஸை 46, 18 அளவுள்ள சின்ன பிரேமில் போட்டால் ஓரம் ஆறரைதான். பெரிய பிரேமில் விலை உயர்ந்த லென்ஸைவிட, சின்ன பிரேமில் சாதாரண லென்ஸ் மெல்லிசு! லென்ஸின் பரப்பும் குறைவதால் எடை இன்னும் குறையும். இரண்டையும் சேர்த்தால் 5 மி.மீ. பக்கம் வந்துவிடும். பெரிய சதுர பிரேம் இப்போதைய பேஷன் என்பது எனக்கும் தெரியும். அது மைனஸ் 2 பவர்காரர்களுக்கான பேஷன்.

எடை குறைந்தால் மட்டும் போதாது, அது எங்கே இறங்குகிறது என்பதும் பார்க்க வேண்டும். உங்கள் கருப்பு பிரேமில் மூக்கில் உட்காரும் மேடு பிரேமோடு சேர்ந்தே வார்த்ததாக இருக்கும், அதைத் திருப்பவோ அகட்டவோ முடியாது. மூக்குத்தண்டு சற்றுத் தாழ்வாக இருப்பவர்களுக்கு அந்த மேடு முழுதாகப் படியாமல் ஒரு விளிம்பு மட்டும் கடிக்கும். மொத்த எடையும் அந்த ஒரு கோட்டில் இறங்கும். மெல்லிய கம்பியில் தனியாக நிற்கும் நோஸ் பேட் உள்ள பிரேம்தான் உங்களுக்குச் சரி. அந்தக் கம்பியை வளைத்து, பேட் மூக்கின் சரிவோடு முழுதாகப் படியும்படி வைக்கலாம். பெரிய அளவு சிலிக்கான் பேட் கேளுங்கள். இரண்டு பேடும் மேலே பாலமாக இணைந்த ஒரு வகை உண்டு. கனமான லென்ஸுக்கு அது இன்னும் நல்லது, மூக்கின் மேல்முகடும் கொஞ்சம் எடையைத் தாங்கும்.

சரியாகப் படிகிறதா என்று தடமே சொல்லிவிடும். ஒரு மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பேட் அளவுக்கு லேசான முழு நீள்வட்டம் தெரிந்தால் நல்லது. மேலேயோ கீழேயோ பிறை மாதிரி ஒரு கோடு மட்டும் ஆழமாகத் தெரிந்தால் பேட் சாய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஆழம் என்றால், உங்களுக்குக் கட்டி வந்த இடது பக்கம் போல, பிரேம் கோணலாக இருக்கலாம், அல்லது ஒரு காது சற்று மேலே இருக்கலாம். இரண்டாவது சாதாரண விஷயம், நிறையப் பேருக்கு உண்டு. ஆகவே மேஜைமேல் வைத்து நேராக்கினால் போதாது, முகத்தில் மாட்டிவைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

காதில் மாட்டும் கம்பியையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். அது காதின் மேல் அடியைத் தாண்டியவுடன் கீழே வளைய வேண்டும். வளைவு இன்னும் பின்னால் தள்ளி இருந்தால் கண்ணாடி முன்னால் வழுக்கும், எல்லாம் மூக்கின் தலையில் விழும். குனிந்து லேசாகத் தலையை ஆட்டினால் வழுக்கக் கூடாது. பிளாஸ்டிக் கம்பியை வீட்டு அடுப்பில் காட்டி வளைக்காதீர்கள். கடையில் அதற்கென்று சூடேற்றும் கருவி இருக்கிறது, பெரும்பாலும் காசும் கேட்க மாட்டார்கள்.

புது பிரேம் வரும்வரை மைனஸ் 8 பவருடன் கண்ணாடி இல்லாமல் இருக்கச் சொல்ல முடியாது. இருக்கிற பிரேமிலேயே ஒட்டும் சிலிக்கான் பேட் போட்டு, அழுத்தம் கட்டியின்மேல் விழாமல் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்தித் தரச் சொல்லுங்கள். சாதாரண பிளாஸ்திரி ஒட்டாதீர்கள், நம் வெயிலில் வியர்வை அதற்கடியில் தேங்கி ஊறும். தினமும் இரவில் பேடையும் மூக்கையும் மென்மையான சோப்பால் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். பேட் மஞ்சளாகி இறுகிவிட்டால் மாற்றுங்கள்.

பேட் தொடும் இடத்திலும் காதுக்குப் பின்னாலும் ஒரே மாதிரி அரிப்பு, நீர்க்கசிவு வந்தால் அது எடையின் வேலை அல்ல, உலோகத்தில் உள்ள நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படி இருப்பவர்கள் சுத்தமான டைட்டானியம் பிரேம் வாங்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அரிப்பு இல்லை, அதனால் இந்தச் செலவு உங்களுக்கு இல்லை.

கருமை தேய்ப்பு நின்றதும் தானே மங்கும், மாதங்கள் பிடிக்கும். வெளியே போகும்போது எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன் போட்டு, அது காய்ந்த பிறகு கண்ணாடி மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் வழுக்கிக்கொண்டே இருக்கும். பிரேம் மாற்றிய ஆறாவது வாரம் போட்டோக்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள், அந்த ட்யூபையும் மறக்காமல்.